கடன் பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு முன் தோல்வியை எழுதிப் பார்த்தல்: மலையகச் சிறு தொழில் விரிவாக்கத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு தொழிலை விரிவாக்கும் திட்டம் முடிவாகி, வங்கிக் கடனும் ஏறக்குறைய உறுதியான பிறகு, அந்தத் திட்டம் ஏற்கெனவே தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு அதற்கான காரணங்களை எழுதிப் பார்க்கும் முறைக்குப் பிரீமோர்ட்டம் என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய ஒரு கட்டுரை மூலம் இது முகாமைத்துவத் துறையில் பரவலாக அறியப்பட்டது. இந்த வழிகாட்டியில் இதனை முன்-தோல்வி ஆய்வு என்று குறிப்பிடுகிறேன். இம்முறையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் காரணங்களைத் திரட்டும் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டம் வேலையில் ஒரு சிறு பகுதியே. திரட்டிய காரணம் ஒவ்வொன்றையும் அளக்கக்கூடிய ஓர் அறிகுறியாகவும், முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்ட ஒரு செயலாகவும் மாற்றுவதில்தான் உழைப்பும் பயனும் இருக்கின்றன. ஆகவே இங்கே அதற்கே கூடுதல் இடம் தரப்படுகிறது.

விளக்கத்துக்காக ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். இதிலுள்ள ஆட்களும் ரூபாக் கணக்குகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. தலவாக்கலையில் குடும்பமாக யோகட் தயாரிக்கும் ஒருவர் நாளொன்றுக்கு 100 லீற்றர் பால் வாங்கி, ஏறத்தாழ 1,200 கோப்பைகள் செய்து, அவற்றைச் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தைக் குறிவைத்து, மார்ச் நடுப்பகுதியிலிருந்து 300 லீற்றருக்கு, அதாவது 3,600 கோப்பைகளுக்கு உயர்த்துவது அவரது திட்டம். இதற்காக ஒரு பெரிய பால் தாங்கியும் குளிரறையும் அமைக்க 60 இலட்சம் ரூபா வங்கிக் கடன் பெறுகிறார். குளிரூட்டிய சிறிய லொறி ஒன்றை லீசிங்கில் எடுக்கிறார். கடன் 14 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு என்பதால் மாதத் தவணை ஏறத்தாழ 140,000 ரூபா வரும்.

முதலில் கணக்கு, பிறகு கூட்டம்

கூட்டத்துக்கு வருகிறவர்களின் கையில் திட்டத்தின் எண்கள் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் எழுதப்படும் தோல்விகள் "விற்பனை குறைந்தது" என்பது போன்ற பொதுவான வாக்கியங்களாகவே அமையும்.

கடைக்கு 58 ரூபாவுக்குக் கொடுக்கும் ஒரு கோப்பைக்குப் பால், சீனி, கோப்பை, மூடி, எரிபொருள் என்று 43 ரூபா செலவாகிறது என்று கொள்வோம். அப்போது கையில் நிற்பது 15 ரூபா. விரிவாக்கத்தால் மாதந்தோறும் கட்டாயமாகக் கூடும் செலவு, கடன் தவணை 140,000, லொறித் தவணை 110,000, புதிய ஆட்களின் சம்பளம், மின்சாரம், காப்புறுதி முதலியவற்றுக்கு 230,000 என்று மொத்தம் 480,000 ரூபா. இதை 15ஆல் வகுத்தால் 32,000 கோப்பைகள் வரும். அதாவது விரிவாக்கம் தன் செலவைத் தானே தாங்குவதற்கு நாளொன்றுக்கு மேலதிகமாக ஏறத்தாழ 1,070 கோப்பைகள் விற்க வேண்டும். திட்டம் 2,400ஐ எதிர்பார்ப்பதால் இது பார்வைக்குப் பாதுகாப்பாகவே தெரியும். இந்தப் பாதுகாப்பு உணர்வு எங்கே ஏமாற்றுகிறது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

எப்போது நடத்துவது, யாரை அழைப்பது

திட்டம் தெளிவாக எழுதப்பட்ட பின்னரும், திரும்பப் பெற முடியாத முதற் பணம் கைமாறுவதற்கு முன்னரும் இதை நடத்த வேண்டும். எண்ணம் மட்டும் இருக்கும் கட்டத்தில் நடத்தினால் தோற்பதற்கு உருவமுள்ள திட்டம் எதுவும் இருக்காது. முற்பணம் கொடுத்த பின் நடத்தினால் எல்லோரும் கொடுத்ததை நியாயப்படுத்தவே பேசுவார்கள். கையொப்பத்துக்கு இரண்டு வாரங்கள் முந்திய ஒரு நாள் பொருத்தமானது, ஏனெனில் திட்டத்தை மாற்றவும் வங்கியோடு மறுபடி பேசவும் அந்த இடைவெளி போதும்.

மலையகத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூசை போட்டு நல்ல நேரம் குறித்துவிட்ட பிறகு, "இது தோற்றுப்போயிற்று" என்று வாய்விட்டுச் சொல்வதை வீட்டுப் பெரியவர்கள் விரும்புவதில்லை. அந்த மனத்தடையோடு வாதாடிப் பயனில்லை. நாள் குறிப்பதற்கு முன்னரே கூட்டத்தை வைத்துவிட்டு, தோல்வியைப் பேச்சில் அல்லாமல் எழுத்தில் கொண்டுவந்தால் தயக்கம் பெருமளவு குறைந்துவிடும்.

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். இந்த எடுத்துக்காட்டில் உரிமையாளர், கணக்குப் பார்க்கும் அவரது மகள், உற்பத்தியைக் கவனிக்கும் மேற்பார்வையாளர், தோட்டக் குடும்பங்களிடமிருந்து காலையில் பால் எடுத்து வருபவர், விநியோகத்தில் போகும் ஓட்டுநர், யோகட்டை விற்கும் கடைக்காரர் ஒருவர் ஆகியோர் அழைக்கப்பட வேண்டும். கடைக்காரரையும் ஓட்டுநரையும் விட்டுவிடுவதே வழக்கமான பிழை. கெட்டுப்போன கோப்பை எங்கே, ஏன் திரும்பி வருகிறது என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கூட்டத்தை இழுக்க வேண்டாம்.

எப்படிக் கேட்பது

"இந்தத் திட்டத்தில் என்ன தவறு நேரலாம்?" என்று கேட்டால் மரியாதையான, மெலிந்த பதில்களே கிடைக்கும். "அடுத்த வருடம் மார்ச் 31. புதிய தாங்கி வெறுமனே கிடக்கிறது, லொறியை லீசிங் கம்பனி எடுத்துச் சென்றுவிட்டது, வங்கியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இது நடந்துவிட்டது. எப்படி நடந்தது என்று எழுதுங்கள்" என்று கேட்க வேண்டும். மிட்செல், ரூசோ, பென்னிங்டன் ஆகிய மூவர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை ஆராய்ந்தது. நிகழ்வு உறுதியாக நடந்துவிட்டதாகக் கொள்ளும்போது மனிதர்கள் அதற்குக் கூடுதலான காரணங்களைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அதன் முடிவு. ஆகையால் கேள்வியில் "ஒருவேளை", "கூடும்" போன்ற சொற்கள் நுழையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் வெற்றுத் துண்டுத் தாள்கள் கொடுத்து, பத்து நிமிடங்கள் எவரும் பேசாமல் எழுதச் செய்யுங்கள். ஒரு தாளில் ஒரு காரணம் மட்டும் இருக்கட்டும். தமிழிலோ சிங்களத்திலோ தமக்கு எளிதான மொழியில் எழுதலாம். எழுதப் பழக்கமில்லாதவர் இருந்தால், கூட்டத்துக்கு முன்பே உரிமையாளர் அல்லாத ஒருவர் அவரிடம் தனியாகக் கேட்டு எழுதிவர வேண்டும்.

வாசிக்கும் ஒழுங்கில் நான் கிளைனிடமிருந்து சற்று விலகுகிறேன். திட்டப் பொறுப்பாளரே முதலில் தம் பட்டியலிலிருந்து ஒன்றை வாசிக்க வேண்டும் என்பது அவரது முறை. தலைவர் தம் சொந்த முடிவொன்றையே காரணமாக வாசித்தால், மற்றவர்களும் துணிந்து பேசுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் முதலாளியின் முன் உட்காரவே தயங்கும் வேலைத்தலங்களில், அவர் முதலில் மென்மையான ஒரு காரணத்தை வாசித்துவிட்டால் பிறகு வருபவை அனைத்தும் அதே மென்மையில்தான் இருக்கும். தாள்களைக் கலைத்து, மகளோ கடைக்காரரோ வாசிப்பது இங்கே பாதுகாப்பானது. உரிமையாளர் அந்த நேரம் விளக்கம் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். "அதுக்கெல்லாம் ஏற்கெனவே ஏற்பாடு செஞ்சாச்சு" என்று அவர் ஒருமுறை சொன்னாலே போதும், அடுத்த சுற்றில் அடுத்தவர் எழுத மாட்டார்.

கூட்டம் சரியாகப் போகிறதா என்பதைத் தாள்களைப் பிரித்துப் பார்த்தே அறியலாம். நாட்டு நிலைமை, மழை, விலைவாசி, அரசாங்கம் என்று வெளியிலிருந்து வந்தவற்றை ஒரு பக்கமும், நமது முடிவு அல்லது நமது கவனக்குறைவு சார்ந்தவற்றை இன்னொரு பக்கமும் வையுங்கள். முதற் பக்கம் பெருத்திருந்தால் கூட்டம் இன்னும் நாகரிகமாகவே பேசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும்: "மழையும் பெய்தது, விலையும் ஏறியது. ஆனால் அடுத்த ஊரில் இதே தொழில் செய்தவர் தப்பிவிட்டார். நாம் மட்டும் விழுந்தோம். ஏன்?" இந்தக் கேள்விக்கு வரும் தாள்களே பெரும்பாலும் பயன்படுபவை.

காரணத்தைப் பின்னோக்கி நீட்டுதல்

எடுத்துக்காட்டில் இருபது தாள்கள் வந்தன என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றுக்கும் காப்பு அமைக்க முடியாது. நிகழ்தகவுக்கும் பாதிப்புக்கும் புள்ளிகள் போட்டுப் பெருக்கும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தப் புள்ளிகளுக்கு அடிப்படை எதுவும் இல்லாததால், பெருக்கிய பின்னர் அவை துல்லியமானவை போலத் தோன்றி ஏமாற்றும். அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் போதும். இது நடந்தால் தொழிலை மீட்க முடியுமா? இது நடக்கிறது என்பது நமக்கு எவ்வளவு தாமதமாகத் தெரியவரும்? மீட்க முடியாததும் தாமதமாகத் தெரிவதுமான மூன்று அல்லது நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்தவற்றை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நீட்ட வேண்டும். "அதற்கு முந்திய வாரம் என்ன நடந்தது? அதற்கும் முன்பு எவர் கண்ணுக்கு எது தெரிந்தது?" என்று கேட்டுக்கொண்டே போய், அளக்கக்கூடிய மிக முந்திய அறிகுறியில் நிற்க வேண்டும். இது எப்படி நடக்கிறது என்பதை மூன்று தாள்களில் பார்ப்போம்.

முதல் தாள்: "யோகட் உறையவில்லை"

மேற்பார்வையாளர் எழுதிய தாள் இது. பாலை 85 முதல் 90 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, 42 அல்லது 43 பாகைக்கு ஆறவைத்து, கல்ச்சர் சேர்த்துக் கோப்பையில் ஊற்றி, அதே வெப்பநிலையில் நான்கு மணி நேரமளவு வைத்தால் யோகட் உறையும். மடி வீக்க நோய்க்கு அன்டிபயோட்டிக் ஏற்றப்பட்ட மாட்டின் பால் கலந்திருந்தால், அந்த மருந்து கல்ச்சரில் உள்ள பக்டீரியாக்களையும் ஒடுக்கிவிடும். பாலைச் சூடாக்குவதால் மருந்தின் வீரியம் போய்விடாது. பாலின் அடர்த்தியை அளக்கும் லக்டோமீட்டர், பாலில் கலந்த தண்ணீரைக் காட்டும், மருந்தைக் காட்டாது.

இதுவரை இது ஒரு சிறு அபாயமாகவே இருந்தது. 100 லீற்றரும் உரிமையாளர் முகம் அறிந்த வீடுகளிலிருந்து வந்தது, அதையும் இரண்டு பாத்திரங்களில் காய்ச்சினார்கள். புதிதாகத் தேவைப்படும் 200 லீற்றருக்கு, வீட்டுக்கு ஏழு லீற்றர் என்றாலும், முப்பது வீடுகளளவு புதிதாகச் சேர வேண்டும். அத்தனை பாலும் ஒரே தாங்கியில் கலக்கும். ஒரு மாட்டுக்கு ஏற்றிய ஊசி 3,600 கோப்பைகளைக் கெடுக்கும். கோப்பைக்கு 43 ரூபாவாக அந்த ஒரு நாளின் இழப்பு 154,800 ரூபா. அது ஒரு மாதத் தவணையை விட அதிகம். திட்டம் எழுதியபோது எவர் கண்ணிலும் படாத விஷயம் இது. விரிவாக்கம் உற்பத்தியை மூன்று மடங்காக்கும்போது, ஒரு தவறு சென்றடையும் தூரத்தையும் கூட்டிவிடுகிறது.

பின்னோக்கிப் போனால், முதல் அறிகுறி மாட்டுக்கு ஊசி போட்ட நாளில் இருக்கிறது. மாட்டுக்காரருக்கு அது தெரியும். ஆனால் சொன்னால், மருந்தின் அறிவுறுத்தலில் உள்ள நாட்கள் முடியும் வரை அவரது பால் விலைபோகாது. எனவே அவர் சொல்ல மாட்டார். "மருந்து போட்ட மாட்டுப் பால் கொண்டுவரக் கூடாது" என்று அறிவித்தல் ஒட்டுவது காப்பு ஆகாது. ஊசி போட்ட உடனேயே அறிவிக்கும் வீட்டுக்கு, விலக்கிவைக்கும் நாட்களுக்குப் பாலின் பாதி விலையைக் கொடுப்பது காப்பு. எட்டு லீற்றர் கறக்கும் மாட்டுக்கு, லீற்றர் 180 ரூபா என்று கொண்டால், நான்கு நாட்களுக்கு 2,880 ரூபா ஆகும். 154,800 ரூபாவுக்குப் பக்கத்தில் இது சிறு தொகை. கறவாத மாட்டுக்கு அறிவித்துப் பணம் கேட்கும் ஆசையும் எழலாம் என்பதால், பால் எடுத்து வருபவர் அந்த மாட்டை நேரில் பார்த்து, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டு வர வேண்டும்.

சொல்லாமல் விட்டதைப் பிடிக்க ஒரு சோதனையும் வேண்டும். புதிய வீடுகளின் மாலைப் பாலிலிருந்து சிறிய மாதிரிகளைத் தனித்தனிப் போத்தல்களில் எடுத்து, காய்ச்சி ஆறவைத்து, கல்ச்சர் இட்டு, நம்பகமான பழைய வீட்டுப் பாலின் மாதிரியோடு சேர்த்து அதே சூட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். பழைய மாதிரி உறைந்து, புதியது உறையாவிட்டால் அந்த வீட்டுப் பாலை நிறுத்தலாம். எல்லா மாதிரிகளும் உறையாவிட்டால் பிழை பாலில் அல்ல, கல்ச்சரில் அல்லது வெப்பநிலையில் இருக்கிறது. சோதனைக்கு நான்கு மணி நேரம் பிடிப்பதால், மாலைப் பாலை அதுவரை 4 பாகையளவில் குளிர்த்தி வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிர்த்தும் வசதி இல்லாமல் இந்தச் சோதனையை எழுதி வைப்பது வீண்.

மூன்றாவதாக, சேதத்தைச் சுருக்கும் ஏற்பாடு: 300 லீற்றர் தாங்கி ஒன்றுக்குப் பதிலாக 150 லீற்றர் தாங்கிகள் இரண்டு. விலை சற்றுக் கூடினாலும் எந்த ஒரு நாளின் இழப்பும் பாதியாகிவிடும். இந்த முடிவைக் கடனுக்கு முன் மட்டுமே எடுக்க முடியும் என்பதைக் கவனியுங்கள். தடுத்தல், கண்டறிதல், சேதத்தைச் சுருக்குதல் ஆகிய மூன்று வகைகளிலும் ஒவ்வொன்றையாவது தேடிப் பார்ப்பது நல்லது. தடுத்தல் ஒன்றையே எழுதிவிட்டு முடித்தால், அது தவறும் நாளில் கையில் ஒன்றும் இராது.

இரண்டாவது தாள்: "விற்றது, ஆனால் திரும்பி வந்தது"

இது கடைக்காரரின் தாள். இந்தத் தாளுக்காகத்தான் அவரை அழைத்தோம் என்றே சொல்லலாம். காலாவதியான யோகட்டைத் தயாரிப்பவர் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், திரும்பி வரும் ஒரு கோப்பை 43 ரூபா இழப்பு. அதை ஈடுகட்ட ஏறத்தாழ மூன்று கோப்பைகள் விற்க வேண்டும். மேலதிகமாக அனுப்பும் 2,400 கோப்பைகளில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 480 கோப்பைகள், திரும்பினால் என்ன ஆகும்? விற்ற 1,920 கோப்பைகளில் 28,800 ரூபா கிடைக்கும். திரும்பியவற்றில் 20,640 ரூபா போய்விடும். நாளுக்கு எஞ்சுவது 8,160 ரூபா, மாதத்துக்கு 244,800 ரூபா. கட்டாயச் செலவோ 480,000. மேலே கணக்கிட்ட 1,070 என்ற எல்லையை விட ஏறக்குறைய இரட்டிப்பாக விற்றும் தொழில் நட்டத்தில் ஓடும். ஏறத்தாழ 345 கோப்பைகள், அதாவது நூற்றுக்குப் பதினான்கு திரும்பும்போதே இலாபம் தீர்ந்துவிடுகிறது.

இதன் கெடுதி தாமதத்தில் இருக்கிறது. குளிரில் வைத்த யோகட் இரண்டு வாரமளவு தாங்கும். ஏப்ரலின் முதல் வாரங்களில் நுவரெலியாக் கடைகள் கேட்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளும். அப்போது அனுப்பியவற்றில் விற்காதவை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான் திரும்பும். அதற்குள் கூட்டமும் கலைந்து, மேற்குச் சரிவுகளில் தென்மேற்குப் பருவமழையும் தொடங்கிவிடும். ஏப்ரல் எண்களை நம்பி மே மாதத்தில் மேலும் பால் வீடுகளைச் சேர்த்துக்கொண்டால், அறிகுறி தெரியும்போது இரு பக்கமும் கட்டுண்ட நிலைதான்.

ஆகவே திரும்பியவற்றை, திரும்பிய நாளில் அல்ல, தயாரித்த நாளின் கணக்கில் எழுத வேண்டும். மூடியில் உள்ள திகதியைப் பார்த்து ஓட்டுநர் தினமும் ஒரு கொப்பியில் குறித்தால் போதும். இந்தக் காப்பை ஒரு அட்டையில் எழுதினால் இப்படி அமையும்:

> அறிகுறி: ஒரே வாரத்தில் தயாரித்த கோப்பைகளில் திரும்பியவை நூற்றுக்குப் பத்தைத் தாண்டுதல்.
> அளப்பவர்: ஓட்டுநர் குறிப்பார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மகள் கூட்டுவார்.
> செயல்: அதிகம் திருப்பும் மூன்று கடைகளுக்கு அடுத்த வாரம் பாதியே அனுப்புதல். இரண்டு வாரம் தொடர்ந்தால் உற்பத்தியை 2,400 கோப்பைகளுக்கு இறக்குதல்.
> ஒதுக்கிய பணம்: குறைக்கும் வாரங்களிலும் பால் வீடுகளிடம் வாங்குவதற்கு உறுதியளித்த அளவின் விலை.

பதினான்கில் இலாபம் தீர்வதால், எல்லையைப் பத்தில் வைத்தோம். எல்லை எப்போதும் தீங்கு நேரும் இடத்துக்கு முன்னால், செயல் பலிப்பதற்கு வேண்டிய காலத்தையும் சேர்த்து வைக்கப்பட வேண்டும். "திரும்பி வருவதை உன்னிப்பாகக் கவனிப்போம்" என்பது அட்டையில் இடம்பெறக் கூடாத வாக்கியம், ஏனெனில் அதில் எண்ணும் இல்லை, ஆளும் இல்லை, செயலும் இல்லை. கடைசி வரி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. உற்பத்தியைக் குறைத்தால் பால் வீடுகள் வேறிடம் போய்விடும் என்று பயந்தே பல உரிமையாளர்கள் குறைப்பதில்லை. அந்தப் பயத்துக்கு முன்பே பணம் ஒதுக்கினால்தான் செயல் நடக்கும்.

மூன்றாவது தாள்: "பாதை மூடியது, கரண்ட் போனது"

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தின் பாதைகளையும் ரயில் பாதையையும் உடைத்ததைக் கண்டவர்களிடம் இந்தத் தாளை விளக்க வேண்டியதில்லை. பாதையை நம்மால் காக்க முடியாது. நம்மிடம் இருப்பது சேதத்தைச் சுருக்கும் வழி மட்டுமே. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டங்களில் வெளியிடுகிறது. லொறி செல்லும் பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் வந்தால் அன்று மாலை லொறி புறப்படாது, அடுத்த நாள் பால் பாதியாகக் குறைக்கப்படும் என்பதை முன்பே முடிவுசெய்துவிடலாம். ஓட்டுநர் அந்த நேரத்தில் உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை என்பதையும் எழுத வேண்டும். கேட்டால் "பார்த்துப் போய் வாங்க" என்றுதான் பதில் வரும். கொழும்பிலிருந்து வரும் கோப்பை, மூடி, சீனி ஆகியவற்றைப் பத்து நாட்களுக்குப் போதுமான அளவு கையிருப்பில் வைப்பதும் இதே தாளில் சேரும்.

மின்சாரத்துக்கு எல்லோரும் "ஜெனரேட்டர் வாங்குவோம்" என்று எழுதுவார்கள். அதைச் சோதித்துப் பார்க்கும் வரை காப்பு என்று எண்ண வேண்டாம். குளிரறையின் கொம்பிரசர் ஓடும்போது இழுப்பதை விடப் பல மடங்கு மின்னோட்டத்தைத் தொடங்கும் கணத்தில் இழுக்கும். ஓடும் அளவைக் கணக்கிட்டு வாங்கிய ஜெனரேட்டர் விளக்குகளை எரியவைத்துவிட்டு, கொம்பிரசரைத் தொடங்க முடியாமல் திணறும். வேலை நடக்கும் ஒரு நாளில், உறைந்த சூடான கோப்பைகள் குளிரறைக்குள் ஏற்றப்பட்டவுடன் பிரதான ஆளியை நிறுத்திப் பாருங்கள். நடுவில் உள்ள தட்டின் ஒரு கோப்பைக்குள் வெப்பமானியைச் செருகி, 5 பாகைக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று குறியுங்கள். அது மெதுவாக இறங்கினால் யோகட் புளித்துக்கொண்டே போகும், முன்பே அடுக்கியிருந்த பழைய கோப்பைகளும் சூடேறும்.

தடுக்க முடியாத தாள்கள்

நாட்டு நெருக்கடி பற்றிய தாள்களைத் தூக்கி எறியவும் வேண்டாம், அவற்றோடு நேரத்தைப் போக்கவும் வேண்டாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பின் நுவரெலியாவின் சுற்றுலா வீழ்ந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. இவற்றை எந்த அட்டையும் நிறுத்தாது. ஆனால் கடன் மாறும் வட்டியிலா நிலையான வட்டியிலா என்பது நமது முடிவு. மூன்று மாதத் தவணையைத் தனிக் கணக்கில் வைத்துவிட்டுத் தொடங்குவதா என்பதும் நமது முடிவு. இத்தகைய தாள் ஒவ்வொன்றுக்கும் "இதில் நம் கையில் இருப்பது எது?" என்று ஒரு கேள்வி கேட்டு, பதில் இருந்தால் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

திட்டத்தையே திருத்துதல்

காப்புகள் அனைத்தையும் எழுதிய பின் அவற்றின் செலவைக் கூட்டி, முதலில் போட்ட கணக்கோடு சேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தைத் தாண்டிச் செல்பவர்கள் அதிகம். காப்புகள் இலாபத்தைத் தின்றுவிட்டால், அளவோ ஒழுங்கோ பிழை என்று அர்த்தம். இன்னும் காப்புச் சேர்ப்பதால் அது சரியாகாது.

எடுத்துக்காட்டில் இரண்டு திருத்தங்கள் வருகின்றன. முதலாவது, லொறி. அதன் தவணை, ஓட்டுநர் சம்பளம், எரிபொருள், காப்புறுதி எல்லாம் சேர்ந்து மாதம் 210,000 ரூபா ஆகிறது. முதல் ஆறு மாதங்களுக்கு வாரத்தில் சில நாட்கள் குளிரூட்டிய வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் 130,000இல் முடியும் என்று கொண்டால், கட்டாயச் செலவு 400,000ஆக இறங்கி, நாளொன்றுக்கு மேலதிகமாக விற்க வேண்டியது 890 கோப்பைகளாகிறது. பழைய ஓட்டுநர் முச்சக்கர வண்டியில் அருகிலுள்ள கடைகளை முன்போலவே பார்த்துக்கொள்வார். இரண்டாவது, காலம். ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட மாதங்களில் பசும்புல் குறைந்து பாலும் குறையும். மார்ச் நடுப்பகுதியில் ஒரேயடியாக 300 லீற்றருக்குத் தாவுவது, பால் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் அறிமுகமில்லாத வீடுகளை அவசரமாகச் சேர்ப்பதாகும். முதல் தாளின் ஆபத்து அங்கேயே விதைக்கப்படுகிறது. ஏப்ரலுக்கு ஒரு தாங்கியும் பழைய பாத்திரங்களுமாக 180 லீற்றரோடு நின்று, இரண்டாவது தாங்கியை ஜூலைக்குத் தள்ளிவைத்தால், வசந்தகால விற்பனையில் ஒரு பகுதி போகும். நான் அந்த இழப்பை ஏற்றுக்கொள்வேன். உரிமையாளர் ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்பதை அவரே ஒரு வரியில் எழுதி வைக்கட்டும்.

இரண்டாவது தாங்கிக்கு ஒரு வாசல் வைக்க வேண்டும். ஏப்ரல் எண்களைக் கணக்கில் எடுக்காமல், ஜூன் மாதத்தின் நான்கு வாரங்களில் விற்றுத் திரும்பாத கோப்பைகளின் நாளாந்த சராசரி 1,900ஐத் தாண்டினால் மட்டும் வாங்குவது. 180 லீற்றரில் செய்யக்கூடியது ஏறத்தாழ 2,160 கோப்பைகள் என்பதால், மழைக்காலத்திலும் அதை ஏறக்குறைய முழுவதும் விற்க முடிந்தால்தான் அடுத்த அடிக்கு இடமிருக்கிறது. வங்கியிடம் கடனை இரண்டு பகுதிகளாகப் பெறும்படி கேட்க வேண்டியதும் இதனால்தான்.

அட்டைகளை உயிரோடு வைத்திருத்தல்

ஐந்து அல்லது ஆறு அட்டைகளுக்கு மேல் வைத்திருந்தால் எவரும் பார்க்க மாட்டார்கள். அவை உற்பத்தி அறைச் சுவரில் இருக்க வேண்டும், கோப்புக்குள் அல்ல. திங்கட்கிழமை காலையில் மகள் எண்களை எழுதும்போது மேற்பார்வையாளரும் கூட இருக்கட்டும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி, பழைய தாள்களைப் பார்க்காமல் மறுபடி ஒருமுறை எழுதச் செய்தால், விரிவாக்கம் நடந்துகொண்டிருக்கும்போது தோன்றிய புதிய பலவீனங்கள் வெளிவரும். உதாரணமாக, கல்ச்சரின் அளவும் சூட்டுப் பெட்டியின் பழக்கமும் மேற்பார்வையாளர் ஒருவருக்கே தெரியும் என்பது, உரிமையாளர் நுவரெலியாவுக்கு அடிக்கடி போகத் தொடங்கிய பின்னரே உறைக்கும்.

எல்லையைத் தாண்டும் நாளில் உரிமையாளர் சொல்லப்போவது பெரும்பாலும் "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு விதியை முன்பே எழுதிக் கையொப்பமிட வேண்டும். எல்லையை மாற்றலாம், ஆனால் எண் அந்த எல்லையைத் தொடாத வாரத்தில் மட்டும், அந்தத் தாளை எழுதியவர் முன்னிலையில், புதிய எண்ணுக்கான கணக்கையும் அட்டையின் பின்புறம் எழுதி மாற்ற வேண்டும். எண் ஏற்கெனவே தாண்டியிருந்தால் அட்டையில் உள்ள செயல் அந்தத் திங்கட்கிழமையே நடக்கும். மேற்பார்வையாளர் உரிமையாளரின் அழைப்புக்குக் காத்திராமல் பால் வீடுகளுக்குக் குறைத்த அளவை அறிவிப்பார், அதற்கான பணம் ஒதுக்கிய கணக்கிலிருந்து போகும்.